ஸ்மார்ட் ஸ்பீக்கரை வீட்டு வைஃபையில் சேர்ப்பது எப்படி? புளூடூத் பழக்கம் எங்கே இடறவைக்கிறது?

புதிதாக ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கியவர் பெட்டியைப் பிரித்து, மின்சாரம் கொடுத்து, நேராகக் கைப்பேசியின் புளூடூத் பக்கத்தைத் திறந்து அதன் பெயரைத் தேடுகிறார். பெயர் வராது. வந்தாலும் தட்டினால் சேராது. ஸ்பீக்கர் பழுது என்று முடிவு கட்டிக் கடைக்குத் திருப்பி எடுத்துப்போக நினைக்கிறார். பலர் வீட்டில் இதைப் பார்த்திருக்கிறேன். பழுது ஸ்பீக்கரில் இல்லை. வேலையைத் தொடங்கிய வரிசையில் இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்குச் சிங்கப்பூர் வீடுகளில் அடிக்கடி காணும் சிறிய ஸ்பீக்கரான கூகல் நெஸ்ட் மினியை வைத்துக்கொள்கிறேன். வேறு நிறுவனத்தின் ஸ்பீக்கர் என்றால் செயலியின் பெயரும் பொத்தான்களும் மாறும். படிகளின் வரிசை பெரும்பாலும் இதேதான்.

1. எது எதோடு பேசுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டை இணையத்திலிருந்து வாங்குவது கைப்பேசி. அதை ஒலியாக்கி அனுப்புவதும் கைப்பேசி. ஸ்பீக்கர் வாங்கி ஒலிக்கிறது, அவ்வளவே. அதனால்தான் அழைப்பு வந்தால் பாட்டு நிற்கிறது. கைப்பேசியோடு கீழ்த்தளத்துக்கு இறங்கினால் ஒலி விட்டுவிட்டு வந்து அறுந்துபோகிறது.

ஸ்மார்ட் ஸ்பீக்கர் தானே இணையத்துக்குப் போகிறது. உங்கள் மடிக்கணினியைப் போல அதுவும் ரவுட்டரிடம் தனியாக ஓர் இணைப்பு வாங்கிக்கொள்கிறது. பாடல் செயலியில் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்பினால், அங்கே போவது பாட்டு அன்று. "இந்தப் பாட்டை நீயே எடுத்துக்கொள்" என்ற தகவல் மட்டுமே. அதன்பின் பாட்டை நிறுவனத்தின் சர்வரிலிருந்து ஸ்பீக்கரே நேரடியாக வாங்குகிறது. கைப்பேசி வெறும் ரிமோட் ஆகிவிடுகிறது.

ஆக, நீங்கள் ஸ்பீக்கரை அறிமுகப்படுத்த வேண்டியது ரவுட்டருக்கு. கைப்பேசி நடுவில் நின்று அறிமுகம் செய்துவைக்கும் தரகர். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் காரணம் இதுதான்.

2. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் எழுத்துப் பிசகாமல் வேண்டும். உங்கள் கைப்பேசி ஏற்கெனவே அதை நினைவில் வைத்திருப்பதால் உங்களுக்குத் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள கடவுச்சொல்லில் பூஜ்யமும் ஆங்கில O எழுத்தும், ஒன்று என்ற எண்ணும் சிறிய l எழுத்தும் ஒன்றுபோலவே தெரியும். தாளில் இருப்பதை யாராவது முன்பே மாற்றியிருக்கவும் கூடும். கடவுச்சொல் சரிதானா என்று அறிய எளிய வழி, கைப்பேசியில் அந்த வைஃபையை மறக்கச் செய்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்து சேர்வது. அது சேர்ந்தால் கடவுச்சொல் சரி.

அடுத்து, யாருடைய கணக்கு என்று முடிவு செய்யுங்கள். இதை யாரும் யோசிப்பதில்லை. மகன் தன் கைப்பேசியில், தன் கூகல் கணக்கில் அம்மாவின் வீட்டு ஸ்பீக்கரை அமைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விடுகிறார். பிறகு அம்மா தம் செயலியைத் திறந்தால் எதுவும் இல்லை. ஸ்பீக்கர் யார் வீட்டில் இருக்கப்போகிறதோ அவர் கணக்கில், அவர் கைப்பேசியிலேயே அமைப்பதுதான் நல்லது. பிறகு மகனை அந்த வீட்டு உறுப்பினராகச் செயலியிலிருந்தே அழைத்துக்கொள்ளலாம்.

மின்சாரம்: நெஸ்ட் மினிக்கு பேட்டரி கிடையாது. எங்கே வைக்கப்போகிறீர்களோ அங்கே ஒரு மின்செருகி எப்போதும் காலியாக இருக்க வேண்டும். ஊரிலிருந்து வாங்கி வந்த ஸ்பீக்கர் என்றால் அடாப்டரின் கால்கள் நம் மூன்று துளைச் செருகிக்குப் பொருந்தாது. அடாப்டரின் மேல் 100-240V என்று அச்சிட்டிருந்தால் மாற்றுச் செருகி ஒன்று மாட்டிக்கொண்டால் போதும்.

3. உங்கள் வைஃபை இதற்கு ஏற்றதா?

வீட்டில் இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டர் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். தொழிலாளர் தங்கும் விடுதியிலோ பல்கலைக்கழக விடுதியிலோ இருப்பவர்கள் வாங்கும் முன்பே இதைப் படிக்க வேண்டும்.

Wireless@SG போன்ற பொது இணைப்புகளிலும் பல விடுதி இணைப்புகளிலும், உங்களை அடையாளம் காட்டி உள்ளே நுழைய ஒரு தனி ஏற்பாடு இருக்கும்: இணையப் பக்கம் திறந்து பெயர், எண் கேட்கும், அல்லது ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் பெயர் கேட்கும். திரையும் விசைப்பலகையும் இல்லாத ஸ்பீக்கரால் அந்தப் பக்கத்தை நிரப்ப முடியாது. சாதாரண வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல் என்ற வகை மட்டுமே அதற்குத் தெரியும். இன்னொரு கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கைப்பேசியோடு நீங்கள் வேலைக்குக் கிளம்பினால் அறையில் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். இப்படிப்பட்ட இடத்துக்கு நல்ல புளூடூத் ஸ்பீக்கரே பொருத்தம். விலையும் வீணாகாது.

4. கைப்பேசியைத் தயார் செய்யுங்கள்

எந்த வைஃபையில் ஸ்பீக்கர் சேர வேண்டுமோ அதில் கைப்பேசி இருக்க வேண்டும். விருந்தினருக்கான தனி வைஃபையில் இருக்கக் கூடாது. விருந்தினர் வைஃபை பொதுவாக ஒரு கருவி மற்றொரு கருவியைப் பார்க்க முடியாதபடி தடுத்து வைத்திருக்கும். தரகர் வேலை அங்கே நடக்காது.

VPN ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். ஊர்த் தொலைக்காட்சி பார்க்க இதை நிறுவிவிட்டு மறந்துபோனவர்கள் பலர். VPN கைப்பேசியின் போக்குவரத்தை வேறு பாதையில் திருப்பிவிடுவதால், பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரே கண்ணில் படாமல் போகலாம்.

இனி, குழப்பம் மிகுந்த இடம். புளூடூத் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் புளூடூத் பக்கத்துக்குள் போய் ஸ்பீக்கரைத் தட்டிச் சேர்க்கக் கூடாது. புதிய ஸ்பீக்கர் அருகில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும், கடவுச்சொல்லை அதன் காதில் போடவும் செயலி புளூடூத்தைப் பயன்படுத்துகிறது. அந்தப் பேச்சைச் செயலியே பார்த்துக்கொள்ளும்.

செயலி கேட்கும் அனுமதிகளையும் மறுத்துவிடாதீர்கள். ஆண்ட்ராய்டில் இருப்பிட அனுமதி கேட்கும்போது, "ஸ்பீக்கருக்கு நான் எங்கே இருக்கிறேன் என்பது எதற்கு?" என்று பலர் மறுக்கிறார்கள். சுற்றியுள்ள வைஃபை பெயர்களைத் தெரிந்துகொண்டாலே ஒருவர் எங்கே இருக்கிறார் என்று ஊகித்துவிடலாம் என்பதால், வைஃபை தேடலையும் ஆண்ட்ராய்டு இருப்பிட அனுமதிக்குள் வைத்திருக்கிறது. ஐபோனில் Local Network என்ற அனுமதி கேட்கும். அதை மறுத்தால் செயலி தேடிக்கொண்டே இருக்கும், எதுவும் கிடைக்காது. மறுத்துவிட்டீர்கள் என்றால் ஐபோன் அமைப்புகளில் அந்தச் செயலியின் பெயரைத் தட்டி மீண்டும் கொடுக்கலாம்.

5. ரவுட்டர் இருக்கும் அறையிலேயே அமையுங்கள்

ஸ்பீக்கரைச் சமையலறையில்தான் வைக்கப்போகிறீர்கள் என்றாலும், முதல் இணைப்பை ரவுட்டருக்குப் பக்கத்தில் செய்யுங்கள். காரணம் எளிது. இங்கே சேராவிட்டால் கடவுச்சொல்லிலோ அனுமதியிலோ கோளாறு. இங்கே சேர்ந்து சமையலறையில் அறுந்தால் சிக்னல் கோளாறு. சமையலறையிலேயே தொடங்கினால் எது என்று பிரிக்க முடியாமல் மாலைப் பொழுது போய்விடும்.

செருகியில் மாட்டி, ஸ்பீக்கர் விழித்து ஒலி எழுப்பும்வரை பொறுங்கள். பக்கவாட்டில் ஒரு சிறிய நகர்த்தும் பொத்தான் இருக்கும். அது மைக்கை அணைப்பது. மேலே உள்ள விளக்குகள் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தால் மைக் அணைந்திருக்கிறது, நகர்த்தி விடுங்கள்.

பிறகு Google Home செயலியைத் திறந்து, புதிய கருவி சேர்க்கும் கூட்டல் குறியைத் தட்டுங்கள். செயலி ஸ்பீக்கரைக் கண்டதும் அதிலிருந்து ஓர் ஒலி எழுப்பிக் கேட்டதா என்று வினவும். இது வெறும் மரியாதைக் கேள்வி இல்லை. அடுக்குமாடி வீட்டில் அடுத்த வீட்டுக்காரரும் அதே நாளில் புது ஸ்பீக்கர் வாங்கியிருக்கலாம். உங்கள் எதிரில் இருப்பது ஒலித்தால் மட்டும் ஆம் என்று சொல்லுங்கள்.

அடுத்து வைஃபை பெயரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் வரும். வைஃபை ஓடும் அலைவரிசைகளான 2.4 GHz, 5 GHz இரண்டையும் நெஸ்ட் மினி ஏற்கும். சில மலிவு ஸ்பீக்கர்களுக்கு 2.4 மட்டும்தான். ஒரே பெயரில் இரண்டும் வரும் வீடுகளில் எதையும் மாற்ற வேண்டாம். தனித்தனிப் பெயர் வைத்திருந்தால், ஸ்பீக்கர் ரவுட்டரிலிருந்து தள்ளி இருக்கப்போகிறது என்றால் 2.4-ஐத் தேர்ந்தெடுங்கள். 5 GHz வேகமானதுதான். ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் தளர்ந்துவிடும். பாட்டுக்கு வேகம் பெரிதாகத் தேவையில்லை.

கடவுச்சொல் சரியாக இருந்தும் பழைய ஸ்பீக்கர் ஒன்று சேர மறுத்தால், ரவுட்டரின் பாதுகாப்பு அமைப்பைப் பாருங்கள். WPA3 மட்டும் என்று இருந்தால் பழைய கருவிகளுக்குப் புரியாது. WPA2/WPA3 கலந்த அமைப்புக்கு மாற்றினால் சேர்ந்துவிடும்.

மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது சிங்கப்பூர் ஆங்கிலம் பட்டியலில் இருந்தால் அதையே வையுங்கள். கொள்முதல் வசதி, உங்கள் நாட்காட்டியை உரக்கப் படிக்கும் வசதி ஆகியவற்றை இப்போதைக்கு மறுத்துவிடுங்கள். கூடத்தில் இருக்கும் ஸ்பீக்கர், கேட்பவர் எவராயினும் உங்கள் சந்திப்புகளைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

6. விமான முறையில் ஒரு சோதனை

கைப்பேசியின் பாடல் செயலியில் ஒரு பாட்டைத் தொடங்கி, பாட்டை வேறு கருவிக்கு அனுப்பும் ஒலிபரப்புச் சின்னத்தைத் தட்டி ஸ்பீக்கரின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பாட்டு ஸ்பீக்கரில் வந்ததும் கைப்பேசியை விமான முறைக்கு மாற்றுங்கள். சில கைப்பேசிகளில் அப்போதும் வைஃபையோ புளூடூத்தோ இயங்கிக்கொண்டிருக்கும்; இரண்டும் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் அணைத்துவிடுங்கள்.

பாட்டு தொடர்ந்து ஓடினால் ஸ்பீக்கர் தன் காலில் நிற்கிறது, வேலை முடிந்தது. நின்றுவிட்டால் நீங்கள் அறியாமலே புளூடூத்தில் சேர்த்திருக்கிறீர்கள், அல்லது கைப்பேசிக்குள் சேமித்த கோப்பைக் கைப்பேசியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. புளூடூத் இணைப்பு என்றால் அதன் பட்டியலிலிருந்து ஸ்பீக்கரை நீக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

இந்தச் சோதனையைச் செய்துகாட்டிய பின்தான் பலருக்கும் இரண்டு ஸ்பீக்கருக்கும் உள்ள வேறுபாடு உறைக்கிறது. "அப்படியென்றால் நான் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாமா, தம்பி?" என்று ஓர் அக்கா கேட்டார். தாராளமாகப் போகலாம். வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

தமிழ்ப் பாடல்களை வாயால் கேட்பதைவிட இப்படித் திரையில் தேர்ந்தெடுத்து அனுப்புவதே எனக்குச் சரியாக வருகிறது. ஆங்கிலத்துக்குப் பழகிய காதில் தமிழ்ப் படப் பெயர் விழுந்தால் என்ன வரும் என்று சொல்ல முடியாது. இலவசக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: குரலில் ஒரு பாட்டைக் கேட்டால் அதே பாட்டு வராமல், அதை ஒத்த பாடல் தொகுப்பு வரலாம். ஸ்பீக்கருக்குக் காது கேட்கவில்லை என்று கோபிக்க வேண்டாம்; கணக்கின் வரம்பு அது.

வானொலியும் இப்படித்தான். நெஸ்ட் மினிக்குள் பண்பலை வாங்கி இல்லை. ஒலி 96.8 கேட்டாலும் அது இணையம் வழியாகத்தான் வரும், காற்றலையைவிடச் சற்றுப் பிந்தி வரும். சமையலறையில் பழைய வானொலியும் கூடத்தில் ஸ்பீக்கருமாக ஒரே நிலையத்தை வைத்தால் அறிவிப்பாளர் இரண்டு முறை பேசுவார்.

7. இப்போது இடத்துக்கு மாற்றுங்கள்

செருகியிலிருந்து பிடுங்கி வேறு அறையில் மாட்டலாம். வைஃபை விவரம் அழியாது. மறுபடி அமைக்க வேண்டியதில்லை.

வீவக வீடுகளில் கவனிக்க வேண்டிய ஒரே பெரிய தடை, வீட்டுப் பாதுகாப்பு அறை. அதன் சுவர் கனமான இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட், கதவு எஃகு. வைஃபை அலை அதற்குள்ளும் அதைத் தாண்டியும் போகத் திணறும். ரவுட்டரை அந்த அறைக்குள் அலமாரியில் ஒளித்து வைத்துவிட்டு, வீடு முழுவதும் சிக்னல் இல்லை என்று வருந்துபவர்கள் உண்டு. ரவுட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அந்தச் சுவர் வராதபடி ஏதாவது ஒன்றை நகர்த்துங்கள்.

சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பின் பக்கத்தில் வைக்காதீர்கள். அது ஓடும்போது 2.4 GHz அலைவரிசையில் இரைச்சல் கசியும். பாட்டு சரியாக அந்த நிமிடங்களில் மட்டும் திக்கினால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். புகைவிசிறிக்கு அடியிலும் வேண்டாம். அங்கே நீங்கள் சொல்வது மைக்குக்குக் கேட்காது.

8. குரலுக்குப் பதில் சொல்கிறது, பட்டியலில் பெயர் இல்லை: ஒரு வீட்டின் கதை

செங்காங்கில் ஒரு நான்கறை வீடு. சமையலறை ஸ்பீக்கரிடம் நேரம், வானிலை கேட்டால் சொல்கிறது. ஆனால் கைப்பேசியின் பாடல் செயலியில் ஒலிபரப்புச் சின்னத்தைத் தட்டினால் ஸ்பீக்கரின் பெயரே வரவில்லை. வீட்டுக்காரர் அதை இரண்டு முறை முழுதாக அழித்து அமைத்தும் பலனில்லை.

குரலுக்குப் பதில் வருகிறது என்றால் ஸ்பீக்கருக்கு இணையம் இருக்கிறது. கைப்பேசியிலும் இணையம் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை, அவ்வளவுதான். அப்படியானால் இரண்டும் வேறு வேறு வலைக்குள் இருக்க வேண்டும்.

அதை உறுதிசெய்ய, கைப்பேசியின் வைஃபை பக்கத்தில் அதன் IP முகவரியை, அதாவது வலைக்குள் அதற்கு ரவுட்டர் கொடுத்த எண்ணைப் பார்த்தோம். பிறகு Google Home செயலியில் ஸ்பீக்கரின் அமைப்புகளுக்குள் போய் அதன் முகவரியைப் பார்த்தோம்.

```
கைப்பேசி:   192.168.50.23
ஸ்பீக்கர்:   192.168.1.14
```

வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே மூன்றாவது எண் 50, 1 என்று மாறியிருக்கிறது. இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி தானே ஒரு ரவுட்டர். அதன் வைஃபை போதவில்லை என்று பிள்ளைகளின் படிப்புக்காக வீட்டுக்காரர் இன்னொரு ரவுட்டர் வாங்கி அதில் கம்பியால் இணைத்திருந்தார். இரண்டும் தனித்தனி வைஃபை கொடுத்துக்கொண்டிருந்தன. பழைய பெயரில் ஸ்பீக்கர், புதுப் பெயரில் கைப்பேசி.

சரிசெய்ய இரண்டு வழிகள். புதிய ரவுட்டரை Access Point முறைக்கு மாற்றினால் முகவரி கொடுக்கும் வேலையைப் பழைய பெட்டி ஒன்றே செய்யும். எந்த வைஃபையில் சேர்ந்தாலும் ஒரே வலை. அல்லது பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் புதியதில் சேர்க்கலாம். இந்த வீட்டில் முதல் வழியைச் செய்தோம். ஸ்பீக்கரைத் தொடவே இல்லை. கைப்பேசியின் வைஃபையை அணைத்துப் போட்டதும் பெயர் பட்டியலில் வந்துவிட்டது.

முகவரிகள் ஒத்திருந்தும் பெயர் வரவில்லை என்றால் ரவுட்டர் அமைப்பில் AP Isolation அல்லது Client Isolation என்று ஏதாவது இயங்குகிறதா என்று பாருங்கள். ஒரே வலைக்குள்ளேயே கருவிகளைப் பிரித்துவைப்பது அதன் வேலை. அதை அணைக்க வேண்டும்.

9. முழுதாக அழித்துத் தொடங்குவது கடைசி வழி

பழைய ஸ்பீக்கரை நண்பரிடமிருந்து வாங்கியிருந்தால் இது கட்டாயம். அவர் கணக்கு அதில் இருக்கும். நெஸ்ட் மினியில் பக்கவாட்டுப் பொத்தானை நகர்த்தி மைக்கை அணையுங்கள். விளக்கு ஆரஞ்சு ஆகும். மேல்புறத்தின் நடுவில் விரலை அழுத்திப் பிடியுங்கள். சுமார் 5 விநாடியில் அழிக்கும் வேலை தொடங்கும். விரலை எடுத்துவிடாமல், ஒலி வரும்வரை இன்னும் சுமார் 10 விநாடி பிடித்திருங்கள். பாதியில் விரலை எடுப்பதுதான் வழக்கமான தவறு. பிறகு மைக்கை இயக்கிவிட்டு ஐந்தாம் படியிலிருந்து செல்லுங்கள்.

10. ரவுட்டர் மாறும்போது

ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இணைய நிறுவனம் புது ரவுட்டர் கொடுக்கும். அதன் பெயரும் கடவுச்சொல்லும் புதியவை. புளூடூத் ஸ்பீக்கருக்கு இதனால் எதுவும் ஆகாது. அது ரவுட்டரைப் பார்த்ததே இல்லை. ஸ்மார்ட் ஸ்பீக்கரோ பழைய பெயரையே தேடிக்கொண்டு நிற்கும்.

புது ரவுட்டரில் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும், பெரிய சிறிய எழுத்து மாறாமல், அப்படியே போட்டுவிடுங்கள். பாதுகாப்பு முறையையும் பழையபடியே வையுங்கள். ஸ்பீக்கர், தொலைக்காட்சி, ஸ்மார்ட் விளக்கு எல்லாம் தாமாகவே சேர்ந்துகொள்ளும். நிறுவனத்தின் ஆள் வந்து பொருத்தும்போதே இதைக் கேட்டுச் செய்துகொண்டால் உங்களுக்கு ஒரு மாலை மிச்சம்.